லஹுவா, லஹூவா? அரபுச் செய்யுளின் ஓசையைப் பிரித்துப் பார்த்தல்

கல்முனைக்குடி தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள எமது கரையோர ஊர்களில் புர்தாவும் மௌலூதுகளும் ஓதப்படும் சபைகளில், தமிழெழுத்தில் அச்சிட்ட கைநூல்களை இன்று சாதாரணமாகக் காணலாம். அரபு எழுத்தில் வேகமாக வாசிக்க முடியாதவர்களும் சபையோடு சேர்ந்து ஓத வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வெளிவந்தவை அவை. அவற்றின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அவை கவிதையை அச்சிடுகின்றன என்ற நினைவோடு தயாரிக்கப்பட்டவையாகத் தெரியவில்லை. சொல்லைச் சரியாகக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அரபுச் செய்யுளுக்கு அது போதாது என்பதே இக்கட்டுரை சொல்ல வரும் விஷயம்.

சில காலத்துக்கு முன் மருதமுனையில் ஒரு வீட்டு மௌலூதில் இருந்தேன். வயதான ஒருவர் மனப்பாடமாக ஓதிக்கொண்டிருந்தார். ‘லஹு’ என்று நூலில் இருந்த இடத்தில் அவர் ‘லஹூ’ என்று நீட்டினார். பக்கத்தில் நூலைப் பிடித்திருந்த இளைஞர், “பெரியப்பா, புத்தகத்தில குறில்தான் இருக்கு. நீட்டக் கூடாது” என்றார். பெரியவர் பதில் சொல்லவில்லை. அடுத்த தடவை குறுக்கி ஓதினார். சபையின் ஓசை அந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறியது. நூல் செவியைத் திருத்திவிட்டது. ஆனால் செவியே சரி, நூலே பிழை. இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. கணக்காகக் காட்ட முடியும். அந்தக் கணக்குக்குத்தான் அரபியில் அரூழ் என்று பெயர். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அதை வகுத்தார். அவர் பதினைந்து பஹ்ருகளை, அதாவது ஓசை வாய்பாடுகளை, வரிசைப்படுத்தினார் என்றும், பதினாறாவதை அக்ஃபஷ் சேர்த்தார் என்றும் மரபு சொல்கிறது.

அரூழின் முதல் விதி மிகவும் எளியது. எழுத்தைப் பார்க்காதே, உச்சரிப்பைக் கேள். வாயில் வருவது கணக்கில் சேரும். வாயில் வராதது, எழுதியிருந்தாலும் சேராது. அப்படிக் கேட்கும்போது இரண்டு ஒலியளவுகளே உண்டு. ஓர் உயிர்மெய்க் குறில் தனியே நின்றால் அது குறுகிய அசை. நெடிலாக இருந்தாலோ, குறிலை ஒரு மெய் அடைத்தாலோ அது நீண்ட அசை. ‘லா’ நீண்டது, ‘லன்’ நீண்டது, ‘ல’ மட்டும் குறுகியது. தமிழ் யாப்புப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘கா’வும் ‘கல்’லும் இரண்டுமே நேரசை என்றுதானே நாமும் படித்தோம். குறுகியதைத் ‘த’ என்றும் நீண்டதைத் ‘தா’ என்றும் இங்கே குறித்துக்கொள்வோம்.

ஓதப்படும் நூல்களிலிருந்து அடிகளை எடுத்தாளாமல், பாடத்துக்காக நானே கட்டிய ஒரு பைத்தை வைத்துப் பார்ப்போம். கவிநயம் எதிர்பார்க்க வேண்டாம். பயணம் போன அன்பனைப் பற்றி ஒருவர் கேட்கிறார். ‘இதோ அவனுடைய கடிதம், ஸஹர் நேரத்தில் எழுதியது’ என்பது பதில். சொல்லுக்குச் சொல் எழுத்துப்படி தமிழில் பெயர்த்தால், எமது கைநூல்களின் பாணியில், அது இப்படி வரும்:

யா ஸாஇலீ அன் ஹபீபின் காப ஃபீ ஸஃபரின்
ஹாதா அல்கிதாபு லஹு கத் ஹத்தஹு ஸஹரன்

முதல் பாதியில் சிக்கலில்லை. பிரித்துப் பாருங்கள். யா, ஸா, இ, லீ: தா தா த தா. அன், ஹ, பீ: தா த தா. பின், கா, ப, ஃபீ: தா தா த தா. ஸ, ஃப, ரின்: த த தா. அரபு எழுத்தில் ‘ஹபீபின்’ என்பதன் கடைசி ‘ன்’ எழுத்தாக இராது, தன்வீன் குறியாகவே இருக்கும். காதில் விழுவதால் அது கணக்கில் சேர்ந்து ‘பின்’ நீண்ட அசையாகிறது.

இங்கே மத்ரஸாவில் தஜ்வீத் படித்தவர்களுக்கு ஓர் ஐயம் வரலாம். ‘ஸாஇலீ’ என்பதில் நெடிலுக்குப் பின் ஹம்ஸா வருகிறது. கிராஅத்தில் அந்த ‘ஸா’வை நான்கு அல்லது ஐந்து ஹரகத் அளவுக்கு நீட்ட வேண்டும். செய்யுளிலும் அப்படியா? இல்லை. அரூழில் நீண்ட அசை என்றால் நீண்ட அசைதான். அதைவிட நீண்டது என்று ஒன்று கிடையாது. எவ்வளவு இழுத்து ஓதினாலும் ‘ஸா’ ஒரு ‘தா’ மட்டுமே.

இரண்டாம் பாதியை அச்சில் உள்ளபடி பிரித்தால் கணக்கு உடனே குழம்பும். ஹா, தா, அல், கி, தா என்று ஓர் அசை மிகுதியாக வந்துவிடுகிறது. இறுதியில் ‘ஹத்தஹு ஸஹரன்’ என்னுமிடத்தில் ‘த, ஹு, ஸ, ஹ’ என்று நான்கு குறுகிய அசைகள் வரிசையாக நிற்கின்றன. அரபுச் செய்யுளில் நான்கு குறுகிய அசைகள் தொடர்ந்து வர இடமே இல்லை. மூன்று வருவதே அரிது. ஆகவே அரபி தெரியாத ஒருவர்கூட, தமிழெழுத்தில் நான்கு குறில்கள் தொடர்ந்து நிற்பதைக் கண்டால், அந்த இடத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று விரல் வைத்துவிடலாம்.

இப்போது எழுத்தை விட்டு உச்சரிப்புக்கு வருவோம். ‘ஹாதா’வுக்குப் பின் ‘அல்’ வரும்போது அதன் அலிஃப் ஒலிக்காது. ‘தா’ குறுகி லாமோடு சேர்ந்து ‘ஹாதல்’ ஆகும். ‘லஹு’ என்பதன் ஹு, முன்னும் பின்னும் அசையும் எழுத்து நிற்பதால், ‘லஹூ’ என்று நீளும். அரபு எழுத்தில் அந்த நீட்டத்துக்கு ஒரு வாவ் எழுதப்படுவதில்லை. ஆனால் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் மத்துஸ் ஸிலா என்று இதே நீட்டத்தைப் படித்திருக்கிறார்கள். ‘ஹத்தஹு’வும் அவ்வாறே ‘ஹத்தஹூ’ ஆகும். பைத்தின் கடைசியில் ‘ஸஹரன்’ என்ற தன்வீன் விழுந்து ‘ஸஹரா’ என நிற்கும். அப்போது அடி இப்படி ஒலிக்கும்:

ஹாதல் கிதாபு லஹூ கத் ஹத்தஹூ ஸஹரா

ஹா, தல், கி, தா: தா தா த தா. பு, ல, ஹூ: த த தா. கத், ஹத், த, ஹூ: தா தா த தா. ஸ, ஹ, ரா: த த தா. முதல் பாதியோடு ஒப்பிட்டால் ஓர் இடத்தில் மட்டுமே வேறுபாடு. அங்கே இரண்டாம் சீர் ‘தா த தா’. இங்கே ‘த த தா’.

இந்த வேறுபாடு பிழையா, அனுமதிக்கப்பட்டதா? அசை பிரிப்பதில் கடினமான கேள்வி இதுதான். கலீல் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. பைத் என்றால் வீடு. பாலைவனத்து அரபிக்கு அது கூடாரம். பைத்தின் ஒவ்வொரு பாதியும் மிஸ்ராஉ, கதவின் ஒரு பலகை. சீர்களின் உறுப்புகளையும் அவர் கூடாரத்திலிருந்தே எடுத்தார். தனியே நிற்கும் நீண்ட அசை ஸபப், அதாவது கயிறு. ஒரு குறுகிய அசையும் அதை அடுத்த நீண்ட அசையும் சேர்ந்தது வதத், அதாவது முளை. கயிற்றைத் தளர்த்தலாம், இறுக்கலாம், கூடாரம் நிற்கும். முளையைப் பிடுங்கக் கூடாது. நீண்ட அசையான கயிறு குறுகலாம். இதை ஸிஹாஃப் என்பர். அடியின் உள்ளே முளை மாறாது. அதன் உருவம் மாற இடமுண்டென்றால் அது பாதியின் இறுதிச் சீரில்தான். அங்கு ஒரு கவிதையில் ஏற்றுக்கொண்ட மாற்றத்தைப் பொதுவாகக் கடைசி வரை கொண்டுபோக வேண்டும்.

எமது அடியில் முளைகளைத் தேடுவோம். இலீ, ஹபீ, பஃபீ, ஃபரின். கிதா, லஹூ, தஹூ, ஹரா. எட்டுச் சீருக்கு எட்டு முளைகள், எல்லாம் ‘த தா’ என்ற உருவில். இரண்டு கயிறு ஒரு முளை, ஒரு கயிறு ஒரு முளை, மீண்டும் அதுவே. இது பஸீத் என்னும் பஹ்ரு. வாய்பாட்டில் சொன்னால், முஸ்தஃப்இலுன் ஃபாஇலுன் முஸ்தஃப்இலுன் ஃபஇலுன். பாதியின் கடைசிச் சீர் ‘ஃபாஇலுன்’ என்ற முழு வடிவில் இப்பஹ்ரில் நிற்பதில்லை. ‘ஃபஇலுன்’ என்று கயிறு குறுகியே வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பூஸீரியின் புர்தா முழுவதும் இந்த வாய்பாட்டில்தான் செல்கிறது. நபிகளாரின் காலத்துக் கவிஞர் கஅப் இப்னு ஸுஹைரின் புகழ்பெற்ற கஸீதாவும் பஸீத்தே. ஆனால் அதில் பைத்தின் இறுதிச் சீர் ‘தா தா’ என்று இரண்டு அசையாகவே முடியும். முளையே தேய்ந்த இறுதிச் சீர் அது. புர்தாவின் மெட்டில் அதை ஓதிப் பார்ப்பவர் ஒவ்வொரு பைத்தின் முடிவிலும் ஓர் அசை குறைவதை உணர்வார்.

இனி ‘பு லஹூ’ என்ற சீருக்குத் திரும்புவோம். ‘பு’ என்பது குறுகிய கயிறு, அனுமதி உண்டு. ‘லஹூ’ என்பது முளை. அதை ‘லஹு’ என்று குறுக்கினால் முளையே போய்விடுகிறது. மருதமுனைப் பெரியவரின் நீட்டலைப் பார்த்து ‘அது ராகத்துக்காக இழுத்தது’ என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். அது போன்ற இடத்தில் நீட்டினால்தான் முளை நிற்கிறது. எந்தக் குறுக்கம் கவிஞரின் உரிமை, எந்தக் குறுக்கம் அச்சுப் பிழை என்று பிரித்தறிய முளையைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அதே சமயம் ‘ஸஹரன்’ என்று அச்சிட்டது ஓசைக் கணக்கைக் கெடுக்கவில்லை; ‘ரன்’னும் ‘ரா’வும் ஒரே அளவுதான். அங்கே கெடுவது பைத்தின் முடிவும் காஃபியாவும். எல்லாப் பிழையும் ஒரே பிழையல்ல என்பதை அசை பிரித்தவர்தான் சொல்ல முடியும்.

‘கிதாபு’வில் எமக்கே உரிய இன்னொரு ஆபத்து இருக்கிறது. வல்லின மெய்யோடு சொல்லின் கடைசியில் வரும் உகரத்தை நாம் குற்றியலுகரமாக விழுங்கிவிடுவோம். ‘மாடு’, ‘காசு’ என்று சொல்லும் அதே நாக்கு ‘கிதாபு’வையும் அரை மாத்திரையாக்கி ‘கிதாப்’ என்று ஓட்டிவிடும். அப்போது இரண்டாம் சீரில் கயிறே காணாமல் போகும். அரபியில் அந்த ‘பு’ முழு அசை. இதை எந்தத் தமிழெழுத்தாலும் காட்ட முடியாது. ஓதிக் கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இவ்விடத்தில் எமது விமர்சகர்கள் சிலர் அடிக்கடி சொல்லும் ஒரு கூற்றையும் சோதிக்கலாம். ‘அரபு யாப்பும் தமிழ் யாப்பும் அடிப்படையில் ஒன்றே, சீர் வாய்பாடுகளும் அப்படியே பொருந்தும்’ என்பது அக்கூற்று. அதில் பாதி உண்மை இருக்கிறது. கயிறு எமது நேரசை. முளை எமது நிரையசையின் ஒரு வகை. ஆகவே முஸ்தஃப்இலுன் தேமாங்கனி, ஃபாஇலுன் கூவிளம், ஃபஊலுன் புளிமா, மஃபாஈலுன் புளிமாங்காய், ஃபாஇலாதுன் கூவிளங்காய். ஆசிரியர் கலாசாலையில் யாப்பிலக்கணம் படித்துவிட்டு அரூழுக்கு வருபவருக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி.

பொருந்தாத பாதியையும் சொல்ல வேண்டும். தமிழில் நிரையசை, குறிலிணையாலும் வரும், குறில் நெடிலாலும் வரும். ‘பல’ நிரை, ‘பலா’ நிரை. அரபியில் இவை இரண்டும் வேறு வேறு. எமது அடியின் இறுதிச் சீர் ‘ஃபஇலுன்’, அதாவது த த தா. தமிழ்ப்படி நிரை நேர், புளிமா. வேறொரு பஹ்ரின் சீராகிய ‘ஃபஊலுன்’, அதாவது த தா தா. அதுவும் தமிழ்ப்படி நிரை நேர், புளிமா. தமிழ் வாய்பாடு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அரபுச் செவிக்கு முதலாவது கயிறு குறுகி முளையில் முடிவது. இரண்டாவது முளையில் தொடங்கிக் கயிற்றில் முடிவது. முளை இடம் மாறினால் பஹ்ரே மாறிவிடும். ஆகவே தேமா, புளிமா என்று மட்டும் குறித்துக்கொண்டு ‘எனது கவிதை பஸீத்தில் அமைந்தது’ என்று எழுதுபவர், அதைத் தா, த என்று ஒரு முறை பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா என்று எமது முன்னோர் எடுத்துக்கொண்ட பெயர்கள் அரபும் பாரசீகமும். யாப்போ விருத்தமும் கண்ணியுமாகத் தமிழே. உமறுப்புலவரின் சீறாப்புராணம் விருத்தத்தில்தான் நடக்கிறது. அதில் குறைவு எதுவும் இல்லை. அரபு ஓசை என்று பெயர் சூட்டிக்கொள்ள வேண்டிய தேவை அதற்கு இல்லை.

அசை பிரித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் அடியை மட்டும் கொடுத்து ‘இது என்ன பஹ்ரு’ என்று கேட்டால் சில வேளை விடை கிடைக்காது. காமில் என்னும் பஹ்ரின் சீர் முதஃபாஇலுன்: த த தா த தா. அதன் முதல் இரண்டு குறில்களையும் ஒரு நீண்ட அசையாகச் சுருக்கக் கவிஞருக்கு உரிமை உண்டு. சுருக்கினால் அது தா தா த தா ஆகி, ரஜஸ் என்னும் பஹ்ரின் முஸ்தஃப்இலுன் போலவே ஆகிவிடும். ஓர் அடியில் எல்லாச் சீரும் அப்படிச் சுருங்கியிருந்தால் அது காமிலா, ரஜஸா என்று அந்த அடியை வைத்துச் சொல்ல வழியில்லை. அடுத்த அடிகளைப் பார்க்க வேண்டும். கவிதை முழுவதிலும் ஒரே ஓரிடத்தில் ‘த த தா த தா’ வந்துவிட்டால் அது காமில். ரஜஸில் அந்த உருவத்துக்கு இடமில்லை. எனவே பஹ்ரைத் தீர்மானிப்பவர் முதலடியோடு நின்றுவிடாமல் பத்து அடிகளாவது பிரித்துப் பார்ப்பது முறை.

கைநூல் வெளியிடுவோரிடம் நான் கேட்பது நான்கு காரியங்கள். ஒவ்வொரு கவிதையின் தலைப்பிலும் பஹ்ரின் பெயரையும் அதன் வாய்பாட்டையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். ‘ஹாதா அல்கிதாபு’ என்று சொற்களை வெட்டாமல் ‘ஹாதல் கிதாபு’ என்று ஒலிப்பின்படி சேர்த்து எழுதுங்கள். நீளும் ‘ஹு’வை ‘ஹூ’ என்றே அச்சிடுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன், சந்தேகமான அடிகளை மனப்பாடமாக ஓதும் வயதான ஒருவரிடம் ஓதச் சொல்லி, அவர் நீட்டும் இடங்களையும் குறுக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு முளைகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் நூலைத் திருத்துங்கள். பொருந்தாவிட்டால் மட்டும் அரபுப் பிரதியைப் பார்த்து, ஓதுபவரைத் திருத்துவதா என்று யோசிக்கலாம்.